நவம்பர் 1 அழைப்பிதழ்: வான்கூவர் முதல் சிட்னி வரை நேரம் எழுதிய விதம்

டொரன்டோவிலிருந்து இயங்கும் ஒரு சிறிய தமிழ் வாசகர் வட்டம், ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமையன்று ஜூம் வழியாக ஓர் உரையை நடத்துகிறது. 2025 நவம்பர் 1 கூட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஓலைச்சுவடி படிக்கும் முறை. பேச்சாளர் தமிழ்நாட்டில் இருப்பவர். கேட்கப் போகிறவர்கள் வான்கூவர், டொரன்டோ, லண்டன், பாரிஸ், ஓஸ்லோ, யாழ்ப்பாணம், சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர், சிட்னி, மெல்பர்ன் எனப் பரந்திருக்கிறார்கள். அவர்களில் பலரின் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்தாகப் படிக்கச் சிரமம். அதனால் அழைப்பிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் போக வேண்டும். அக்டோபர் நடுவில், சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்த வரைவின் நேரப் பகுதி இப்படி இருந்தது:

```
நவம்பர் 1, சனிக்கிழமை
10.30 AM EST | 3.30 PM UK | 8.00 PM IST
10.30 PM SG  | 12.30 AM AUS
```

பார்வைக்குக் குறையொன்றும் தெரியாது. இப்படித்தான் நூற்றுக்கணக்கான அழைப்பிதழ்கள் வருகின்றன. ஆனால் இந்த இரண்டு வரிகளில் லண்டன் நேரம் தவறு, சிட்னி நேரம் தவறு, சிட்னிக்குக் கிழமையும் தவறு. டொரன்டோ நேரம் சரி, அதை ஒட்டி நிற்கும் எழுத்துக்குறி தவறு. ஏன் என்பதைப் பார்த்தால், அழைப்பிதழில் நேரம் எழுதுவதற்கான முறையும் அங்கிருந்தே கிடைக்கிறது.

முந்தைய கூட்டம் அக்டோபர் 4 அன்று நடந்தது. அதற்கான அழைப்பிதழைப் படியெடுத்து, தேதியையும் தலைப்பையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். அக்டோபர் 4 அன்று டொரன்டோவில் காலை 10.30 என்றால் லண்டனில் பிற்பகல் 3.30, சிட்னியில் ஞாயிறு பிறந்து அரை மணி. அந்த நாளுக்கு எண்கள் எல்லாம் சரி. அதற்கடுத்த நான்கு வாரங்களில் இரண்டு இடங்களில் கடிகாரம் நகர்ந்தது. அக்டோபர் 5 அதிகாலையில் சிட்னியும் மெல்பர்னும் கோடை நேரத்துக்குப் போய் ஒரு மணி நேரம் முன்னே சென்றன. (அக்டோபர் கூட்டம் ஒன்றரை மணி நேரம், அது முடியும் அதே நொடியில்தான் சிட்னியில் இரண்டு மணி மூன்றாகியிருக்கும்.) அக்டோபர் 26 அன்று பிரிட்டனும் ஐரோப்பாவும் கோடை நேரத்தை முடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னே வந்தன. கனடாவிலும் அமெரிக்காவிலும் மாற்றம் நவம்பர் 2 அதிகாலையில்தான், அதாவது கூட்டத்துக்கு மறுநாள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நான்கிலும் கோடை நேரம் என்பதே இல்லை. ஆகவே நவம்பர் 1 அன்று லண்டனில் பிற்பகல் 2.30, பாரிஸிலும் ஓஸ்லோவிலும் 3.30, சிட்னியில் ஞாயிறு அதிகாலை 1.30.

வரைவு அப்படியே போயிருந்தால், லண்டன்காரர்கள் 3.30க்கு இணைப்பைத் திறக்கும்போது தொண்ணூறு நிமிட நிகழ்வில் அறுபது நிமிடம் முடிந்திருக்கும். சிட்னியில் இருப்பவர் சனிக்கிழமை பிறந்ததும், நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு விழித்திருந்து இணைப்பைத் தட்டுவார். கூட்டமோ அதற்கு இருபத்தைந்து மணி நேரம் கழித்து.

வரைவைத் தயாரித்தவர் அசட்டையானவர் அல்லர். கைப்பேசியின் உலகக் கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை ஒப்பிட்டதாகவும் சொன்னார். சிக்கல் அங்கேதான். உலகக் கடிகாரம் காட்டுவது இந்த நொடியின் இடைவெளியை. அக்டோபர் நடுவில் டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் இடைவெளி ஐந்து மணி நேரம். நிகழ்வு நாளில் நான்கு. தேடுபொறியில் ‘இந்திய நேரம் இரவு 8 லண்டனில் எத்தனை மணி’ என்று கேட்டாலும் தேதியைச் சொல்லாதவரை இன்றைய கணக்குதான் பெரும்பாலும் கிடைக்கும். நிகழ்வின் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கணக்கிடும் கருவியை மட்டுமே நம்ப வேண்டும். timeanddate.com தளத்தில் உள்ள Event Time Announcer அப்படிப்பட்டது. ஊர், தேதி, மணி மூன்றையும் கொடுத்தால் ஊர்வாரியான பட்டியல் கிடைக்கும். அந்தப் பக்கத்தின் இணைப்பையே அழைப்பிதழில் வைக்கலாம். லினக்ஸ் கணினி கையில் இருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
for z in America/Toronto Europe/London Asia/Colombo Australia/Sydney
do TZ=$z date -d '2025-11-01 14:30 UTC' "+$z %a %d %b %H:%M"
done
```

இதில் 14:30 UTC என்பது உலகப் பொது நேரம். டொரன்டோவின் காலை 10.30 அந்த நாளில் அதற்குச் சமம். எல்லா ஊர்களையும் அந்த ஒன்றிலிருந்தே கணக்கிட வேண்டும். டொரன்டோவிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து இந்தியா என்று சங்கிலியாகக் கணக்கிட்டால் நடுவில் ஒரு கண்ணி தவறினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தவறும்.

ஆண்டில் இரண்டு காலங்கள் இந்தக் கணக்கில் தனிக் கவனம் கேட்கின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடைப்பட்ட ஒரு வாரம் ஒன்று. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கும் கடைசி ஞாயிறுக்கும் இடைப்பட்ட இரண்டு அல்லது மூன்று வாரங்கள் மற்றொன்று. 2025இல் அது மார்ச் 9 முதல் 30 வரை நீண்டது. இந்த நாட்களில் வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒன்றுக்கொன்று வழக்கமான இடைவெளியில் இருப்பதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்ட வட்டத்துக்கு, நவம்பர் கூட்டம் பெரும்பாலான ஆண்டுகளில் இந்த வாரத்துக்குள்தான் விழும். நவம்பர் 1 ஞாயிறாக இருந்து, முதல் சனி முதல் ஞாயிறுக்குப் பின்னால் வரும் ஆண்டுகளில் மட்டும் விழாது. 2025இலும் விழுந்தது. பழைய அழைப்பிதழைப் படியெடுக்கும் பழக்கம் மற்ற பல மாதங்களில் தப்பித்துவிட்டு நவம்பரில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

தவறு இருக்கிறதா என்று கருவி இல்லாமலே கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது நிமிடங்களை. இந்தியாவும் இலங்கையும் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பவை. டொரன்டோ, லண்டன், சிங்கப்பூர், சிட்னி எல்லாம் முழு மணிக் கணக்கில் இருப்பவை. ஆகவே இந்தியாவில் 8.00 என்றால் மற்ற எல்லா வரியும் 30இல் முடிந்தாக வேண்டும். ஏதாவது ஒரு வரி 00இல் முடிந்தால் அதைக் கணக்கிட்டவர் அந்த அரை மணியை மறந்திருக்கிறார். அடிலெய்டு, காத்மாண்டு, யாங்கோன் போன்ற சில இடங்கள் இதற்கு விலக்கு. இந்தச் சோதனை முழு மணிப் பிழைகளைக் காட்டாது. நம் வரைவில் இருந்தவை அத்தகையவை. அவற்றுக்குத் தேதியோடு கணக்கிட்ட பட்டியலுடன் வரிக்கு வரி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது EST. இது குளிர்கால நேரத்தின் பெயர். நவம்பர் 1 அன்று டொரன்டோ இன்னும் EDT என்னும் கோடை நேரத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஆண்டு முழுவதும் EST என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். அவர்களுக்குள் குழப்பமும் வருவதில்லை. ஆனால் இந்த அழைப்பிதழைப் படிப்பவர் ஓஸ்லோவில் இருக்கிறார். ‘10.30 EST’ என்று அவர் ஒரு கருவியில் இட்டால், அது சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமான விடையைத் தரும். IST என்பதும் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றன. இலங்கை வாசகருக்கு அது இன்னொரு நாட்டின் பெயர் தாங்கிய நேரம். இலங்கை 2006 ஏப்ரலில் ஐந்தரை மணிக்குத் திரும்பியதிலிருந்து இரு நாட்டுக் கடிகாரமும் ஒன்றே. ஆகவே ‘இந்தியா, இலங்கை’ என்று இரண்டு பெயரையும் எழுதுவதற்கு ஒரு சொல்தான் கூடுதல் செலவு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் தன் நாட்டுப் பெயரைப் பார்த்ததும் கணக்குப் போடாமல் அடுத்த வரிக்குப் போகிறார். இந்தக் காரணங்களால் எழுத்துக்குறிகளை முழுவதும் எடுத்துவிட்டு ஊர்ப்பெயர்களை வைத்தோம்.

ஊர்ப்பெயரா, நாட்டுப்பெயரா என்பதிலும் ஒரு தீர்மானம் வேண்டும். நாடு முழுவதும் ஒரே நேரம் என்றால் நாட்டின் பெயரே போதும்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. வரைவில் இருந்த AUS அப்படிப்பட்டது அன்று. சிட்னியில் ஞாயிறு அதிகாலை 1.30 ஆக இருக்கும்போது, கோடை நேரம் கடைப்பிடிக்காத பிரிஸ்பேனில் 12.30; பெர்த்தில் இன்னும் சனிக்கிழமை இரவு 10.30, அதாவது சிங்கப்பூரின் அதே நேரம். பெர்த் தமிழர் ஒருவர் AUS என்பதை நம்பினால் வசதியான நேரத்தில் நடக்கும் கூட்டத்தை நடுநிசியில் நடப்பதாக எண்ணி விட்டுவிடுவார். எல்லா ஊரையும் அடுக்கிவிடவும் கூடாது. இருபது வரிப் பட்டியலில் தன் வரியைத் தேடுகிறவர் பக்கத்து வரியைப் பிடித்துவிடுவார். வட்டத்தின் பதிவுப் பட்டியலில் கணிசமானவர்கள் இருக்கும் ஏழு வரிகளோடு நிறுத்திக்கொண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்கு இணைப்பைக் கொடுத்தோம். வரிசை மேற்கிலிருந்து கிழக்கு. மணி ஏறிக்கொண்டே போய்க் கடைசி வரியில் கிழமை மாறுவது அந்த வரிசையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

தமிழில் எழுதும்போது அதிக நேரம் எடுத்தது அந்தக் கடைசி வரி. ஆங்கிலத்தில் Sunday 1:30 a.m. என்றால் முடிந்தது. தமிழில் a.m., p.m. இரண்டுக்குமான வேலையைக் காலை, பிற்பகல், மாலை, இரவு, அதிகாலை என்ற சொற்கள் செய்கின்றன. இலங்கை அச்சில் மு.ப., பி.ப. என்ற வழக்கும் உண்டு. தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு அது கண்ணில் பட்டுப் பழக்கமில்லை. பிற்பகல் என்று முழுதாக எழுதினால் இரு கரையினருக்கும் புரிகிறது. நள்ளிரவுக்குப் பிந்தைய ஒன்றரை மணிதான் தொல்லை. நம் பேச்சில் ‘சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி’ என்றால் அது சனிக்கிழமை தூங்கப் போகாமல் விழித்திருக்கும் இரவு. பஞ்சாங்கக் கணக்கிலும் சூரியன் உதிக்கும்வரை பழைய நாள்தான். கைப்பேசியின் காலண்டரோ பன்னிரண்டு அடித்ததும் ஞாயிறுக்குப் போய்விடுகிறது. ‘ஞாயிறு இரவு 1.30’ என்று எழுதினால் வாசகர்களில் பாதிப் பேர் ஒரு நாள் பிந்திவிடுவார்கள். ‘நள்ளிரவு 1.30’ எந்தக் கிழமைக்கும் பொருந்தும். அதனால் ‘ஞாயிறு அதிகாலை 1.30’ என்று எழுதி, ‘சனிக்கிழமை இரவு விடிவதற்கு முன்’ என்று அடைப்பில் சேர்த்தோம். ஒரே தகவலை இரண்டு வழியில் சொல்வது இந்த ஒரு வரிக்கு மட்டும் தேவைப்பட்டது. நேரம் எழுதும்போது பன்னிரண்டு மணி என்பதையே தவிர்ப்பேன். ‘வெள்ளி நள்ளிரவு 12’ எந்த வெள்ளியின் எந்த முனை என்பதில் இருவர் ஒத்துப்போவது அரிது.

தேதியை எண்ணாக எழுதுவதும் இப்படித்தான். 01/11/2025 என்பது சென்னையில் நவம்பர் முதல் தேதி, நியூ ஜெர்சியில் ஜனவரி பதினொன்று. மாதத்தின் பெயரை எழுதினால் இந்தப் பேச்சே இல்லை.

இனி இரு மொழிகளின் அமைப்பு. முதலில் வந்த யோசனை, நேரப் பட்டியலை ஒரே ஒருமுறை நடுவில் வைத்து, ஒவ்வொரு வரியிலும் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவது. ஒரு பட்டியல் என்றால் ஒரு தவறுக்குத்தான் இடம் என்பது அதன் நியாயம். ஆனால் அழைப்பிதழ் பயணம் செய்யும் விதம் வேறு. வாட்ஸ்அப்பில் நீளமான செய்தியின் மேற்பகுதி மட்டுமே முதலில் தெரியும். தமிழ் தெரியாத மருமகளுக்கு அனுப்புகிறவர் ஆங்கிலப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவார்; ஊரில் உள்ள அப்பாவுக்கு அனுப்புகிறவர் தமிழ்ப் பகுதியை மட்டும். அதனால் இரண்டு பகுதியும் தனித்தனியே முழுமையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்: ஒவ்வொன்றிலும் தலைப்பு, தேதி, ஏழு வரி நேரம், எவ்வளவு நேரம் நடக்கும், எந்த மொழியில் நடக்கும், இணைப்பு. இரட்டைப் பட்டியலால் வரும் ஆபத்தைக் குறைக்க, இரண்டிலும் ஊர்களின் வரிசை ஒன்றேயாக இருக்க வேண்டும். அப்போது ஒருவர் தமிழ் வரியை வாசிக்க, இன்னொருவர் ஆங்கில வரியில் விரல் வைத்துச் சரிபார்க்க முடியும். ஒரு மணியைத் திருத்தினால் இரண்டையும் திருத்தாமல் அனுப்பக் கூடாது என்பது அன்றிலிருந்து வட்டத்தின் வழக்கம். இடைவெளி தட்டி நெடுவரிசையாக நிறுத்தும் முயற்சியும் வேண்டாம். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இராததால் ஒவ்வொரு கைப்பேசியிலும் அது கோணலாகும். ஒரு வரிக்கு ஓர் ஊர், நடுவில் முக்காற்புள்ளி. அவ்வளவே.

இணைப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால், தமிழ்ப் பகுதி இறுதியில் இப்படி அமைந்தது:

```
ஓலைச்சுவடி படிப்பது எப்படி? – இணையவழி உரை
2025 நவம்பர் 1, சனிக்கிழமை
(சிட்னி, மெல்பர்ன்: நவம்பர் 2, ஞாயிறு)

வான்கூவர்: சனி காலை 7.30
டொரன்டோ: சனி காலை 10.30
லண்டன்: சனி பிற்பகல் 2.30
பாரிஸ், ஓஸ்லோ: சனி பிற்பகல் 3.30
இந்தியா, இலங்கை: சனி இரவு 8.00
சிங்கப்பூர், மலேசியா: சனி இரவு 10.30
சிட்னி, மெல்பர்ன்: ஞாயிறு அதிகாலை 1.30
(சனிக்கிழமை இரவு விடிவதற்கு முன்)

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அக்டோபர் 26 அன்று
கடிகாரம் மாறுகிறது. மேலே உள்ளவை மாறிய பின் உள்ள நேரங்கள்.

உரை தமிழில்; கேள்விகளைத் தமிழிலோ
ஆங்கிலத்திலோ கேட்கலாம். மொத்தம் 90 நிமிடம்.
அனைவரும் வருக.
```

ஆங்கிலப் பகுதி:

```
How to Read a Palm-Leaf Manuscript – online talk
Saturday, 1 November 2025
(Sydney and Melbourne: Sunday, 2 November)

Vancouver: Sat 7:30 a.m.
Toronto: Sat 10:30 a.m.
London: Sat 2:30 p.m.
Paris, Oslo: Sat 3:30 p.m.
India, Sri Lanka: Sat 8:00 p.m.
Singapore, Malaysia: Sat 10:30 p.m.
Sydney, Melbourne: Sun 1:30 a.m.

Clocks change in Britain and Europe on 26 October.
The times above are the new times.

The talk is in Tamil. Questions are welcome
in Tamil or English. 90 minutes in all.
```

கடிகாரம் மாறுவதைப் பற்றிய அந்த வாக்கியம் அவசியமா என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார். அவசியம். லண்டனில் வழக்கமாக வருபவருக்கு 3.30 மனப்பாடம். 2.30 என்று பார்த்ததும் அச்சுப்பிழை என்று எண்ணி, பழைய நேரத்துக்கே வருவார். மாற்றம் தெரிந்தே எழுதப்பட்டது என்று சொன்னால்தான் எண்ணை நம்புவார். டொரன்டோக்காரர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு குழப்பம் உண்டு: அந்த வார இறுதியில்தான் கடிகாரம் மாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியும், கூட்டம் அதற்கு முன்னா பின்னா என்பது தெரியாது. அழைப்பிதழில் அதையும் திணித்தால் வரி கூடும் என்பதால், அக்டோபர் 31 நினைவூட்டல் மின்னஞ்சலில் மட்டும் ‘டொரன்டோவில் கடிகாரம் மாறுவது நாளை மறுநாள் அதிகாலை; நாளைக்குப் பழைய நேரமே’ என்று எழுதினோம்.

‘உரை தமிழில்’ என்பது ஆங்கிலப் பகுதியில் பல அழைப்பிதழ்களில் விடுபடும் வரி. ஆங்கிலத்தில் அழைப்பு வந்தால் நிகழ்வும் ஆங்கிலத்தில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. தமிழ் புரியாத ஒருவர் அரை மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு வெளியேறுவது அவருக்கும் பேச்சாளருக்கும் மரியாதையான அனுபவம் அன்று.

வரைவில் பதிவுக்குக் கடைசி நாளாக அக்டோபர் 30 என்று இருந்தது. எந்த ஊரின் அக்டோபர் 30? டொரன்டோவில் வியாழன் இரவு 9 மணி இருக்கும்போது சென்னையில் வெள்ளி காலை 6.30. இதைத் தெளிவாகச் சொல்ல இன்னொரு ஏழு வரிப் பட்டியல் வேண்டும். ஜூம் இருக்கைக்கு வரம்பு நெருக்கடி இல்லை என்று தெரிந்ததும் அந்த நாளையே எடுத்துவிட்டு, நிகழ்வு தொடங்கும்வரை பதிவு செய்யலாம் என்று ஆக்கினோம். எழுதத் தேவையில்லாத நேரத்தை எழுதாமல் விடுவதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

காலண்டர் கோப்பு கடைசியாக. மின்னஞ்சலில் இணைத்த .ics கோப்பைத் தட்டினால் நிகழ்வு அவரவர் கைப்பேசியில் அவரவர் நேரத்தில் பதிவாக வேண்டும். வட்டத்தின் பழைய கோப்பில் தொடக்க நேரம் `DTSTART:20251101T103000` என்ற வடிவில் இருந்தது. இதில் நேர மண்டலம் இல்லை. இப்படி எழுதினால் அது மிதக்கும் நேரம்: டொரன்டோவிலும் 10.30, லண்டனிலும் 10.30, சென்னையிலும் காலை 10.30. அழைப்பிதழில் ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தும் கைப்பேசி வேறொன்றைச் சொல்லி எழுப்பும். உலகப் பொது நேரத்தில் எழுதி, இறுதியில் Z சேர்த்தோம்:

```
DTSTART:20251101T143000Z
DTEND:20251101T160000Z
SUMMARY:ஓலைச்சுவடி படிப்பது எப்படி?
```

இதை அனுப்பும் முன் லண்டனில் ஒருவரையும் சிட்னியில் ஒருவரையும் கோப்பைத் திறந்து திரையில் என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னோம். ‘சரியா?’ என்று கேட்கவில்லை. கேட்டால் அழைப்பிதழைப் பார்த்து ‘சரி’ என்று விடுவார்கள். ‘எந்தக் கிழமை, எத்தனை மணி என்று காட்டுகிறது?’ என்று கேட்டோம். சனி 14:30, ஞாயிறு 01:30 என்று பதில் வந்தது. ஜூம் அனுப்பும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் Eastern Time (US and Canada) என்று அமைப்பாளரின் நேரம் மட்டுமே வந்ததால், அதன் மேல் நம் ஏழு வரியையும் ஒட்டினோம். பேச்சாளருக்குப் பட்டியல் எதுவும் அனுப்பவில்லை. ‘ஐயா, சனிக்கிழமை இரவு 8 மணிக்கு உரை; ஒலி, ஒளி சரிபார்க்க 7.40க்கு இணைந்துவிடுங்கள்’ என்று அவருடைய ஒரே நேரம் மட்டும் போனது.

சிட்னி வரியை வைப்பதா என்ற விவாதம் சற்று நீண்டது. அதிகாலை ஒன்றரைக்கு யாரும் வரப்போவதில்லை, வரியை எடுத்துவிடலாம் என்பது ஒரு தரப்பு. என் கருத்து வேறு. வரி இல்லையென்றால் அவர்களே கணக்கிடுவார்கள், பலர் தவறாகக் கணக்கிடுவார்கள். தங்களை யாரும் நினைக்கவில்லை என்ற எண்ணமும் வரும். வரி இருந்தது, அதன் கீழே பதிவுசெய்த காணொளி ஞாயிறு சிட்னி நேரம் மாலை 6 மணிக்குள் கிடைக்கும் என்ற குறிப்பை ஆஸ்திரேலியப் பட்டியலுக்குப் போன மின்னஞ்சலில் மட்டும் சேர்த்தோம். இந்த ஒரு நேரத்தை மட்டும் சிட்னி கணக்கில் எழுதியதற்குக் காரணம், அதைப் படிக்கப் போகிறவர்கள் அவர்கள் மட்டுமே.

டிசம்பர் 6 கூட்டம் அடுத்த தீர்மானத்தைக் கேட்டது. நவம்பர் 2இல் டொரன்டோ கடிகாரமும் பின்னே வந்துவிட்டது. காலை 10.30ஐயே வைத்துக்கொண்டால் இந்தியா, இலங்கையில் இரவு 9, சிங்கப்பூரில் 11.30, லண்டனில் மீண்டும் 3.30. இந்தியாவின் இரவு 8ஐ வைத்துக்கொண்டால் டொரன்டோவில் காலை 9.30. யாருடைய கடிகாரம் நிலையாக நிற்கும் என்பதை அமைப்பாளர்கள் தேர்ந்து சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இரு பக்கமும் தங்கள் கடிகாரம்தான் நிலையானது என்று எண்ணிக்கொள்ளும். இரவு 9 மணிக்குப் பேசத் தொடங்குவது ஊரில் உள்ள முதிய பேச்சாளர்களுக்கு மிகவும் பிந்திய நேரம் ஆகிவிடும் என்று வட்டம் இந்திய, இலங்கை நேரத்தை நிலையாக வைத்தது. தொடர் நிகழ்வுக்கான காலண்டர் கோப்பிலும் `TZID=Asia/Kolkata` என்று அதையே எழுதினார்கள். டிசம்பர் அழைப்பிதழில், நேரப் பட்டியலுக்கு முன்னால் இரு மொழியிலும் இந்த வரி போனது: ‘எங்கள் கூட்டங்கள் எப்போதும் இந்தியா, இலங்கை நேரம் இரவு 8 மணிக்குத் தொடங்கும். கனடாவில் மார்ச் 7 வரை இது ஒரு மணி நேரம் முன்னதாக, டொரன்டோவில் காலை 9.30க்கு வரும்.’